வறண்ட பகுதியில் பாசன நிலம் எடுத்தவர்களுக்கு: உப்புப் பூத்த மூலையை மீட்பது எப்படி

டர்பன், டொங்காட், ஸ்டேஞ்சர் பக்கம் கரும்பும் காய்கறியும் பார்த்து வளர்ந்த நம் ஆட்கள் சிலர் இப்போது உள்நாட்டுப் பக்கம், வால்ஹார்ட்ஸ் மாதிரியான பாசனத் திட்டங்களில் நிலம் குத்தகைக்கு எடுக்கிறார்கள். கடற்கரையில் கற்ற வேலை அங்கே பெரும்பாலும் உதவும். உப்பு விஷயத்தில் மட்டும் உதவாது. ஏனென்றால் கடற்கரையில் வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர் வாக்கில் மழை பெய்து, மண்ணில் சேரும் உப்பை நம்மைக் கேட்காமலே அடியில் கழுவி விட்டுவிடும். வால்ஹார்ட்ஸில் மழை அதில் பாதிக்கும் குறைவு, வெயிலும் காற்றும் அதைப் போல பல மடங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே உப்பைக் கழுவுகிற வேலை உங்களுடையது.

வாய்க்கால் தண்ணீர் குடித்துப் பார்த்தால் நல்ல தண்ணீர்தான். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வால்ஹார்ட்ஸில் ஒரு ஹெக்டேருக்கு வருஷ ஒதுக்கீடு சுமார் 9,140 கன மீட்டர். தண்ணீரின் மின்கடத்துதிறன் (ஈ.சி. என்று எல்லோரும் சொல்வது) மீட்டருக்கு 60 மில்லிசீமன்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் 380 கிராம் சொச்சம் உப்பு இருக்கும். முழு ஒதுக்கீட்டையும் பாய்ச்சினால் ஒரு வருஷத்தில் ஒரு ஹெக்டேரில் மூன்றரை டன் உப்பை நாமே கொண்டுவந்து கொட்டுகிறோம். பயிர் தண்ணீரைக் குடிக்கும், உப்பில் பெரும்பகுதியை அப்படியே மண்ணில் விட்டுவிடும்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி நிலத்தடியில் நடக்கிறது. வால்ஹார்ட்ஸ் திட்டம் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், வால் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தொடங்கியது. அப்போது நிலத்தடி நீர் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் இருந்தது. வயல்களில் மிகையாகப் பாய்ச்சிய நீரும் வாய்க்கால், தொட்டிகளிலிருந்து கசிந்த நீரும் அடியில் சேர்ந்து சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் அது ஒரு மீட்டர் சொச்சத்துக்கே ஏறிவிட்டது. நீர்மட்டம் அவ்வளவு மேலே வந்துவிட்டால் வெயில் அந்தத் தண்ணீரை மண் துளைகள் வழியாக மேலே இழுத்து ஆவியாக்கும், உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கிவிடும். நீங்கள் பாய்ச்சாத நாட்களிலும் இது நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வடிகால் இல்லாமல் உப்பைக் கழுவ முயல்வது வீண் வேலை என்கிறேன். கழுவிய உப்பு போய்ச் சேர இடம் வேண்டும்.

முதலில் குழியும் குழாயும்

என் சித்தப்பா மகன் ஒருவன் ஜான் கெம்ப்டோர்ப் பக்கம் நிலம் எடுத்தான். சென்டர் பிவட்டின் கீழே கோதுமை. ஒரு ஹெக்டேர் அளவுள்ள தாழ்ந்த மூலையில் மட்டும் பயிர் திட்டுத்திட்டாக நின்றது, இலைகள் நீலம் பாரித்த கரும்பச்சை, நுனி காய்ந்து கருகல். "அண்ணே, தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் ரெண்டு சுத்து விட்டேன், ஒண்ணும் தேறல," என்றான். மண்ணைக் கையில் எடுத்தால் ஈரமாகத்தான் இருந்தது. ஈர மண்ணில் பயிர் வாடி நின்றால் முதலில் உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும், இன்னும் தண்ணீர் விடக் கூடாது. மேட்டு விளிம்புகளிலும் கட்டிகளின் தலையிலும் வெள்ளைப் பூப்பு, இடையில் முளைக்காத வழுக்கைத் திட்டு, இவையும் அதே அடையாளம்தான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் 'பிராக்' என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறார்கள்.

அடையாளம் பார்த்ததும் ஜிப்சம் வாங்க ஓடாதீர்கள். ஒரு மண் துளைப்பானை வாங்கியோ இரவல் கேட்டோ கெட்ட இடத்தில் இரண்டரை மீட்டர் வரை துளையிடுங்கள், நன்றாக விளையும் இடத்தில் இன்னொன்று போடுங்கள். 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சிறு சிறு வெட்டுகள் போட்டு, அடியை மூடி, துளைக்குள் இறக்கி, சுற்றிலும் பருமணலோ சிறு சரளையோ நிரப்பி, தரை மட்டத்தில் களிமண்ணால் இறுக்கி அடையுங்கள், இல்லாவிட்டால் பாசன நீர் பக்கவாட்டில் இறங்கிப் பொய்க் கணக்குக் காட்டும். மறுநாள் ஒரு நாடாவை விட்டுத் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று அளங்கள், பிறகு வாரம் ஒரு முறை குறித்துவையுங்கள். இரண்டு மீட்டருக்குக் கீழே இருந்தால் கவலை குறைவு. ஒன்றரை மீட்டருக்கு மேலே வந்துவிட்டால் வடிகால் பற்றி யோசிக்காமல் வேறு எதையும் செய்வதில் பயனில்லை. தம்பியின் மூலையில் 90 சென்டிமீட்டரிலேயே தண்ணீர் நின்றது, நல்ல பக்கத்துக் குழாயில் இரண்டு மீட்டருக்கும் கீழே.

குழாய் வைத்த கையோடு கசிவையும் தேடுங்கள். இரவில் வரும் வாய்க்கால் நீரைப் பிடித்துவைக்கும் மண் தொட்டி, வெடிப்பு விட்ட சிமெண்ட் வாய்க்கால், பிவட்டுக்குப் போகும் குழாயின் தளர்ந்த இணைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று அந்த மூலைக்கு மேட்டுப்பக்கம் இருந்தால் அதை அடைப்பதே மலிவான வடிகால். தம்பியின் தொட்டிக் கரையோரம் வறண்ட மாதத்திலும் நாணல் பச்சையாக நின்றது. அது போதும் சாட்சி. தொட்டிக்கு விரிப்புப் போட்டதும் சில வாரங்களில் குழாய் நீர் 20 சென்டிமீட்டர் இறங்கியது. பிரச்சினை அதோடு தீரவில்லை, ஆனால் வடிகால் செலவில் ஒரு பகுதி மிச்சம்.

உவரா, களரா, இரண்டுமா?

இதைத் தெரியாமல் தண்ணீர் விட்டால் நிலம் முன்பைவிடக் கெட்டுப்போகக்கூடும், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம், ஆனால் மண் கட்டமைப்பு நன்றாக இருக்கும், தண்ணீர் இறங்கும். வெறும் தண்ணீரே அதற்கு மருந்து. களர் மண்ணில் களித்துகள்களின் மேல் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். நனைந்ததும் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும், காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும், தண்ணீர் மேலே குட்டையாக நிற்கும். இதற்கு முதலில் சோடியத்தை விரட்டக் கால்சியம் வேண்டும். மூன்றாவது வகையில் இரண்டும் சேர்ந்திருக்கும், அதுதான் ஏமாற்றும் வகை. அதிலுள்ள மிகையான உப்பே துகள்கள் பிரியாமல் பிடித்துவைத்திருக்கும், எனவே மேலோட்டமாகப் பார்த்தால் உவர் மண் போலவே தெரியும். வெறும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டால் சோடியம் மட்டும் தங்கி, மண் மூடிக்கொள்ளும், பிறகு தண்ணீரே இறங்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடிக் கிளாஸில் மழைத் தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ எடுத்து, காய்ந்த மண் கட்டி ஒன்றைப் பட்டாணி அளவுக்கு உடைத்து மெதுவாக உள்ளே விட்டுவிட்டு, அசைக்காமல் சில மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்து குவியலாக விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பிரச்சினை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல மங்கல் பரவினால் சோடியம் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பு மங்கலை மறைத்துவிடும். உப்பு அதிகமான மண்ணில் காய்ச்சி வடித்த நீரில்கூட முதல் முறை தெளிவாகத் தெரியலாம், அதனால் அந்த நீரை வடித்துவிட்டு ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

கிளாஸ் சோதனை எச்சரிக்கை மட்டும்தான், அளவு சொல்லாது. அளவுக்கு மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 0-30, 30-60, 60-90 சென்டிமீட்டர் ஆழங்களிலிருந்து தனித்தனியாக எடுங்கள், கெட்ட மண்ணை நல்ல மண்ணோடு கலக்காதீர்கள், கலந்தால் வரும் சராசரி இரண்டுக்குமே பொருந்தாது. கேட்க வேண்டியவை நான்கே: நிறைவுற்ற பசையிலிருந்து எடுத்த சாறின் ஈ.சி., பி.எச்., மாற்றுச் சோடிய சதவீதம், அயனி மாற்றுத் திறன். ஈ.சி. 400 மில்லிசீமன்ஸைத் தாண்டினால் உவர். மாற்றுச் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர், ஆனால் சில மண்களில் அதற்கும் முன்பே தொல்லை ஆரம்பிக்கும். ஒரு விஷயம், சில கூடங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்து தருவார்கள், அந்த எண் மிகவும் சின்னதாக இருக்கும், அதை இந்த 400உடன் ஒப்பிடவே கூடாது. எந்த முறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பியின் அறிக்கையில் மேல் 30 சென்டிமீட்டரில் 1,100, அடுத்த 30இல் 700, சராசரி 900. பி.எச். 8.4. மாற்றுச் சோடியம் 20 சதவீதம், மாற்றுத் திறன் 8. மூன்றாவது வகைதான்.

வடிகால்

வால்ஹார்ட்ஸ் மாதிரி மணற்பாங்கான மண்ணில் நிலத்தடிக் குழாய் வடிகால்தான் வழக்கம். நெளிவுள்ள, துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை 1.8 மீட்டர் வாக்கில் ஆழமாகப் புதைத்து, சுற்றிலும் பருமணல் அல்லது வடிதுணி வைத்து, வெளிவாய் நோக்கிச் சீரான சரிவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். குழாய்களுக்கு இடைவெளி எத்தனை என்பதை மண்ணில் நீர் ஊடுருவும் வேகமும் கீழே இறுகிய அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதும் முடிவு செய்யும், அதனால் பக்கத்து வயலின் இடைவெளியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அளந்து வடிவமைப்பவரிடம் கொடுங்கள். இதில் நீங்களே மேற்பார்வை செய்யவேண்டியது சரிவைத்தான். நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்து தாழ்ந்தால் அங்கே வண்டல் தங்கி வருஷக்கணக்கில் அடைத்துக்கொள்ளும், மண்ணை மூடிய பின் கண்ணுக்குத் தெரியாது. மூடும் முன்னே மட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

வடிந்து வரும் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்பு. வால்ஹார்ட்ஸில் அது திறந்த வடிகால்கள் வழியாக ஹார்ட்ஸ் ஆற்றுக்குப் போய், கீழே ஸ்பிட்ஸ்கோப் அணையில் சேரும். அங்கே அதைப் பாசனத்துக்கு நம்பியிருக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி உப்பு நீரை வெளியேற்றுவதற்கு அனுமதி தேவையா என்று நீர்ப் பயனாளர் சங்கத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பாசன நிலம் உவர்ப்படாமலும் ஈரம் கட்டாமலும் காப்பது நிலம் வைத்திருப்பவரின் கடமை என்று 1983ஆம் ஆண்டின் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்ட விதிகளும் சொல்கின்றன. குத்தகை நிலமென்றால் வடிகால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்தவர் நிலத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டுக் குத்தகை முடிந்து வெளியே போவது வயிறெரியும் அநியாயம்.

ஜிப்சமும் தண்ணீரும் ஒரே கணக்கு

உவர் மட்டும் இருந்தால் ஜிப்சம் வேண்டாம், நேராகக் கழுவுதலுக்குப் போங்கள். சோடியம் இருந்தால் இந்தக் கணக்கு.

மாற்றுச் சோடியத்தை 20இலிருந்து 6 சதவீதத்துக்கு இறக்க வேண்டும், குறைய வேண்டியது 14 சதவீதம். மாற்றுத் திறன் 8 என்பதால் 8இல் 14 சதவீதம், அதாவது 1.12. ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இந்த அளவு 1 குறைய ஏறக்குறைய 3.6 டன் சுத்தமான ஜிப்சம் தேவை. எனவே 1.12ஐ 3.6ஆல் பெருக்கினால் 4 டன். கையில் கிடைக்கும் ஜிப்சம் 80 சதவீதச் சுத்தம் என்றால் 5 டன். போட்டதெல்லாம் வேலை செய்யாது, அதனால் மேலே கால் பங்கு சேர்த்து 6.3 டன். மேல்மண்ணில் பரப்பி 10 சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். ஆழ உழுது புதைத்தால் மேல்மண் மூடிக்கொள்வதைத் தடுக்காது. வாங்கும்போது மாவு மாதிரி பொடியாக இருக்கிறதா என்று பாருங்கள், கட்டிக்கட்டியாக இருந்தால் கரைய வருஷங்கள் ஆகும்.

அப்புறம் கழுவுதல். தெளிப்புப் பாசனத்தில் அல்லது விட்டுவிட்டுப் பாய்ச்சும்போது பயன்படுத்தும் சூத்திரம் இது:

கழுவத் தேவையான நீர் = 0.1 × மண் ஆழம் × (இப்போதைய ஈ.சி. ÷ வேண்டிய ஈ.சி.)

60 சென்டிமீட்டர் ஆழத்தை 900இலிருந்து 300க்குக் கொண்டுவர 0.1 × 60 × 3, அதாவது 18 சென்டிமீட்டர், 180 மில்லிமீட்டர். தொடர்ந்து குளமாகக் கட்டி நிறுத்தினால் களிப்பான மண்ணில் 0.1க்குப் பதில் 0.3 போட வேண்டியிருக்கும், மூன்று மடங்கு நீர். விட்டுவிட்டுப் பாய்ச்சினால் சிறு துளைகளிலுள்ள உப்பும் வெளியே வர நேரம் கிடைக்கிறது, குளமாக நிறுத்தினால் பெரிய துளைகள் வழியே நீர் ஓடிப்போய்விடுகிறது.

ஆனால் இந்த 180 மில்லிமீட்டர் ஜிப்சத்துக்குப் போதாது. ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். அப்படியென்றால் ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் நீர் கரைப்பது இரண்டரை டன், 6.3 டன்னுக்கு 250 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 2,500 கன மீட்டர், வருஷ ஒதுக்கீட்டில் கால் பங்குக்கும் மேலே. இதைத் தம்பியிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது, ஏனென்றால் அந்த நீரை அவன் மீலிக்கு வைத்திருந்தான். கடைசியில் அந்த மூலையில் கோதுமையை விட்டுவிட்டு, ஜிப்சத்தையும் நீரையும் இரண்டு குளிர்காலங்களுக்குப் பிரித்துப் போட்டான். ஜூன், ஜூலைதான் நல்ல நேரம், ஆவியாதல் குறைவு, விட்ட நீரில் பெரும்பகுதி கீழே இறங்கும். சுற்றுக்கு 25 மில்லிமீட்டர், நான்கைந்து நாள் இடைவெளி. முதல் சுற்று நீர் காய்ந்த மண்ணை நனைப்பதிலேயே போய்விடும், அதைக் கழுவிய நீராகக் கணக்கில் சேர்க்காதீர்கள். இடையில் ஆவியாகும் நீரையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

வேலை நடக்கிறதா என்று வடிகால் வெளிவாயில் தெரியும். கையடக்க ஈ.சி. மீட்டர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அங்கே வரும் நீரை அளந்து எழுதுங்கள். முதலில் எண் பாசன நீரைப் போலப் பல மடங்கு இருக்கும், பிறகு இறங்கிக்கொண்டே வரும். நீர் வருகிறது, எண் இறங்கவில்லை என்றால் உப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள், தொடருங்கள். நீரே வரவில்லை, வயலில் குட்டை நிற்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள், மேல்மண் மூடிக்கொண்டுவிட்டது, ஜிப்சம் போதவில்லை அல்லது கரையவில்லை. குட்டையும் இல்லை, வெளிவாயில் நீரும் இல்லை, ஆனால் கண்காணிப்புக் குழாயில் மட்டம் ஏறுகிறது என்றால் வடிகால் அடைத்திருக்கிறது.

திரும்பப் பயிர் வைக்கும்போது

300 என்பது எல்லாப் பயிருக்கும் சரியான எண் அல்ல. வாற்கோதுமை 800 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், பருத்தி ஏறக்குறைய அவ்வளவே, கோதுமை 600. மீலி 170ஐத் தாண்டியதும் குறைய ஆரம்பிக்கும், ஒவ்வொரு 100க்கும் 12 சதவீதம், அதனால் 300இல் வைத்தால் விளைச்சலில் 15 சதவீதம் போய்விடும். நிலக்கடலை 320 வரை அமைதியாக இருந்துவிட்டு அதற்குமேல் 100க்கு 29 சதவீதம் என்று சரியும், அந்த மூலையில் அதை வைக்கவே வேண்டாம். முதலில் வாற்கோதுமை, அடுத்து கோதுமை, மீலி கடைசியில். தம்பி இன்னும் கோதுமையில்தான் இருக்கிறான், அது போதுமான முடிவு என்பதே என் கருத்து.

பிறகு பாசனத்தில் ஒரு சிறு பங்கைக் கழுவுதலுக்கென்று எப்போதும் கொடுக்க வேண்டும். பாசன நீரின் ஈ.சி.யை, பயிர் தாங்கும் ஈ.சி.யின் ஐந்து மடங்கிலிருந்து பாசன நீரின் ஈ.சி.யைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் அந்தப் பங்கு கிடைக்கும். 60 நீருக்கும் மீலிக்கும் 60 ÷ (850 − 60), சுமார் 8 சதவீதம். 600 மில்லிமீட்டர் தேவைப்படும் பயிருக்கு 650 விட்டால் சரி. 800 விட்டால் நல்லது என்று நினைக்கக் கூடாது, அந்த மிகை நீர்தான் நிலத்தடி மட்டத்தை ஏற்றிவிட்டு மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். மழை நன்றாகப் பெய்த கோடையில் அந்தப் பங்கை மழையே கொடுத்துவிடும், அப்போது குறைத்துக்கொள்ளுங்கள். கால்நடைத் தீவன முகாம்களிலிருந்து வரும் எருவை அந்த மூலையில் போடுமுன் அதன் உப்பையும் அளந்துவிடுங்கள், அதில் நிறைய இருக்கும்.

எல்லா மூலையையும் மீட்க முடியாது. அடியில் இறுகிய களி, வெளிவாய்க்குச் சரிவில்லை, உப்பு நீரை வெளியேற்ற அனுமதியில்லை என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் ஜிப்சத்துக்குப் பணம் போடாதீர்கள். அங்கே பாசனத்தை நிறுத்தி, பிவட்டின் அந்தப் பகுதி முனைகளை அடைத்துவிட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே வறண்ட பகுதிகளில் நிறையவே நடப்படும் சால்ட்புஷ் செடியை நடலாம். உப்பைத் தாங்கும், நிலத்தடி நீரைக் குடித்து மட்டத்தைக் கொஞ்சம் இறக்கும், ஆடுகள் மேயும். ஆனால் இலையிலேயே உப்பு அதிகம் என்பதால் அதை மட்டும் தீனியாகப் போடாமல் வைக்கோலோ காய்ந்த புல்லோ கூடக் கொடுத்து, பக்கத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்துவிடுங்கள்.